ஒரே விலையிலிருந்து பிறந்த அத்தனை கோடுகள்

கேள்வி: பிட்காயின் சார்ட்டில் ஆர்.எஸ்.ஐ., ஸ்டோகாஸ்டிக், எம்.ஏ.சி.டி., போலிங்கர் பேண்ட், மூன்று மூவிங் ஆவரேஜ் எல்லாம் போட்டிருக்கிறேன். ஒன்று வாங்கச் சொல்கிறது, இன்னொன்று விற்கச் சொல்கிறது. நான் முடிவெடுப்பதற்குள் விலை ஓடிவிடுகிறது. பதற்றமாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?

பதில்: விலை, எவ்வளவு கைமாறியது என்று காட்டும் வால்யூம், சமீப விலைகளுக்கு அதிக எடை கொடுக்கும் சராசரியான 50 நாள் இ.எம்.ஏ., 0 முதல் 100 வரை ஓடும் 14 நாள் ஆர்.எஸ்.ஐ. இவை போதும். மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் போட்டிருக்கும் எல்லாமே விலையிலிருந்து கணக்கிடப்படுபவை. ஆர்.எஸ்.ஐ., ஸ்டோகாஸ்டிக் இரண்டும் விலையின் வேகத்தைத்தான் அளக்கின்றன. இரண்டும் ஒத்துப்போவது, ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியது போலத்தான். வால்யூம் மட்டுமே விலையில் இல்லாத தகவலைத் தருகிறது.

அடுத்தது, பார்க்கும் வரிசை. முதலில் இ.எம்.ஏ. விலை அதற்கு மேலே இருந்தால் மட்டும் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். அப்புறம்தான் ஆர்.எஸ்.ஐ. அது 70-ஐத் தாண்டினாலே விற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2020 டிசம்பர் 16 அன்று பிட்காயின் முதல்முறையாக 20,000 டாலரைத் தாண்டியது. ஆர்.எஸ்.ஐ. 70-க்கு மேலே போனது, வால்யூமும் எகிறியது. ஆர்.எஸ்.ஐ.யை மட்டும் பார்த்தவர் அன்றே விற்றிருப்பார். 2021 ஜனவரி 8-இல் விலை 40,000 டாலருக்கு மேலே! விலை இ.எம்.ஏ.வுக்கு நன்றாக மேலே இருக்கும்போது 70 என்பது ஏற்றத்தின் பலத்தைத்தான் காட்டுகிறது. அப்படிப்பட்ட ஏற்றத்தில் ஆர்.எஸ்.ஐ. 40, 50 வரை இறங்கித் திரும்புவதை வாங்கும் இடமாகப் பார்க்கலாம். தினசரி விலை இ.எம்.ஏ.வுக்குக் கீழே, வழக்கத்தைவிட அதிக வால்யூமோடு முடிந்தால், அது வெளியேறும் இடம்.

வால்யூமை எங்கே பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். சார்ட்டில் தெரிவது அந்த ஒரு எக்ஸ்சேஞ்சின் வால்யூம் மட்டுமே. ரூபாய் ஜோடிகளில் வியாபாரம் குறைவு என்பதால் ஒரு பெரிய ஆர்டரே படத்தை மாற்றிவிடும். பெரிய எக்ஸ்சேஞ்சில், பிட்காயின் விலையை டாலரோடு ஒட்டி நிற்கும் USDT காயினில் காட்டும் BTC/USDT சார்ட்டைப் பாருங்கள். யு.டி.சி. கணக்கில், ஒரு நாளின் விலை ஓட்டத்தைக் காட்டும் தினசரி கேண்டில் நம் நேரப்படி காலை 5:30-க்கு முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு முறை பார்த்தால் போதும். முடியாத கேண்டிலை நள்ளிரவில் பார்ப்பதில்தான் பாதிப் பதற்றம் வருகிறது.

ஒரு பலவீனம் உண்டு. விலை பக்கவாட்டில் அலையும்போது இ.எம்.ஏ.வை மேலும் கீழுமாக வெட்டிக்கொண்டே இருக்கும், பொய் சிக்னல்கள் வரும். கோடு படுத்துக் கிடந்தால் ஒதுங்கி இருங்கள். அங்கே புதிதாக இன்னொரு இண்டிகேட்டரைச் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். விற்கும்போது பொதுவாக 1% டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். லாபத்துக்கு 30% வரி, ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. பொய் சிக்னலில் நாலு முறை வாங்கி விற்றால் சார்ட் சரியாக இருந்தும் பணம் கரையும்.