வரையறைகள் பகுதி ஒரே மாதிரி முடியணும்னா எப்படி எழுதணும்?

"எங்க அபார்ட்மென்ட் சங்க விதிமுறைல வரையறை எழுதுறேன், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி முடியுது, வரிசையும் குழப்பம். எப்படி சரி பண்றது?"

முதல்ல தலைவரி ஒண்ணு போடுங்க, "இவ்விதிகளில்—"னு. அதுக்குக் கீழ எல்லா வரியும் மேற்கோள்குறிக்குள்ள சொல், அப்புறம் "என்பது", கடைசில "குறிக்கும்". தமிழ்ல வினை கடைசில வர்றதால முடிவுதான் கண்ணுல படும், ஒண்ணு "ஆகும்"னும் இன்னொண்ணு "எனப்படும்"னும் முடிஞ்சா உடனே தெரிஞ்சுடும்.

“உறுப்பினர்” என்பது ஃபிளாட்டின் பதிவு பெற்ற உரிமையாளரைக் குறிக்கும்;
“சங்கம்” என்பது உரிமையாளர்கள் சங்கத்தைக் குறிக்கும்;
“பொது இடம்” என்பது மாடிப்படி, மொட்டை மாடி ஆகியவற்றைக் குறிக்கும்.

மொத்தமும் ஒரே வாக்கியம் மாதிரி ஓடுது, அதனால நடுவுல அரைப்புள்ளி, கடைசிக்கு மட்டும் முற்றுப்புள்ளி. பின்னாடி புதுசா ஒண்ணைக் கடைசில சேர்க்குறப்போ பழைய முற்றுப்புள்ளிய மாத்த மறந்துடுவாங்க, எங்க விதிமுறைலயே நடுவுல ரெண்டு முற்றுப்புள்ளி இருந்துச்சு.

இதுல ஒரு சிக்கல், மூணாவது வரில "குறிக்கும்"னு போட்டா அந்த ரெண்டு மட்டும்தான் பொது இடம், லிஃப்ட் வராது. மத்ததும் வரணும்னா "உள்ளடக்கும்"னு போடுங்க, அழகுக்காக அர்த்தத்தை விட்டுடாதீங்க.

வரிசை தமிழ் அகரவரிசைதான். இங்கிலீஷ் வரைவை மொழிபெயர்த்தா Association முதல்ல இருந்த மாதிரியே "சங்கம்" மேல உட்கார்ந்துக்கும், அதை இறக்கணும். (அ), (ஆ)ன்னு எண் போடாம விடுறது நல்லது, நடுவுல ஒண்ணு சேர்த்தா "2(ஈ)-ல் கூறியபடி"ன்னு எழுதின இடமெல்லாம் தப்பாயிடும்.