விளையாட்டாளர் வேலைக்கு மின்னஞ்சல்: பயிற்சி நேரத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: 2024 சரவாக் சுக்மாவில் பினாங்குக்காக 800 மீட்டர் ஓடினேன். பாயான் லெப்பாஸ் கம்பெனிகளில் விளையாட்டாளர் கோட்டா உண்டா? மின்னஞ்சலில் பயிற்சி நேரத்தையும் சொல்ல வேண்டுமா, அல்லது நேர்காணலில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தியாவில் ரயில்வே எடுப்பதுபோல் இங்கே மலேசியாவில் தனியார் கம்பெனிகள் கோட்டா வைத்து எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதனால் உரிமையைக் கேட்பதுபோல் எழுதாதீர்கள். வேலையையும் ஸ்பான்சரையும் ஒரே மின்னஞ்சலில் கலக்கவும் வேண்டாம். ஸ்பான்சர் பணம் மார்க்கெட்டிங் பக்கம் போகிற விஷயம். எங்களிடம் வந்தால் அப்படியே தூங்கும்.

பயிற்சி நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பதக்கத்தைப் பார்த்ததும் எங்களுக்கு வருகிற முதல் கேள்வியே, ‘இவர் எந்த ஷிப்டுக்கு வருவார்?’ என்பதுதான். ‘நேரத்தை அனுசரித்துக்கொள்வேன்’ என்று பொதுவாக எழுதியவரை, சூப்பர்வைசர் ஆள் பற்றாக்குறையில் இரவு ஷிப்டில் போட்டுவிடுவார். மாலைப் பயிற்சி அதோடு சரி.

உங்கள் நிலையில் நான் இப்படி எழுதுவேன் (அனுப்பும்போது ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கட்டும்):

“சுக்மா 2024இல் 800 மீட்டர் ஓடினேன். என் சிறந்த நேரமும் சான்றிதழும் இணைப்பில் உள்ளன. அந்த நேரம், வாரத்தில் ஐந்து மாலைகள் பத்து காவானில் செய்யும் பயிற்சியால் வந்தது. பயிற்சி 6.30க்குத் தொடங்கும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5 வரை முழுநேரமாக வேலை செய்ய முடியும். மாதக் கடைசியில் ஓவர்டைம் தேவைப்பட்டால் சனிக்கிழமை காலை வருவேன். 7க்கு 7 சுழற்சி ஷிப்டு மட்டும் முடியாது.”

மதிய இடைவேளை ஒரு மணி நேரம் போனால் வாரத்துக்கு 40 மணி நேரம். சட்டத்தின் உச்ச வரம்பு 45. சலுகை கேட்கிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், ஏனென்றால் ஒரு முழு ஆளின் வேலை அங்கே இருக்கிறது. ஸ்டோர், தரக் கட்டுப்பாட்டு ஆவணங்கள், பிளானிங் மாதிரியான அலுவலக நேர வேலைகளைப் பெயர் சொல்லியே கேளுங்கள். 5 மணிக்குப் பாயான் லெப்பாஸிலிருந்து இரண்டாம் பாலத்தைத் தாண்டி 6.30க்குள் போய்விட முடியுமா என்று மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது லீவு. முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 8 நாள்தான். பயணத்தோடு ஒரு போட்டிக்குப் போனாலே பாதி கரைந்துவிடும். ஆகவே இந்த ஆண்டின் போட்டி, முகாம் தேதிகளை எழுதி, மாநில விளையாட்டு மன்றத்தின் விடுவிப்புக் கடிதத்தோடு சம்பளமில்லா விடுப்பு கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். 1955 வேலைச் சட்டத்தின் 60P பிரிவில் அதற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முதலாளி 60 நாளுக்குள் பதில் தந்தால் போதும், காரணம் சொல்லி மறுக்கவும் செய்யலாம். அதனால் வேலை நேரத்தை ஆஃபர் லெட்டரிலேயே எழுதச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.