இதயம் பலவீனமானவர் வீட்டுக்கு வந்தபின்: மருந்துத் தாள் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பில் மருத்துவ வாட்டில் பல காலம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்.

செங்கலடியிலிருந்து: அப்பாவுக்கு இதயம் பலவீனம். நேற்றுத் துண்டு வெட்டினார்கள். நாலு வகைக் குளிசை. நாங்கள் மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கிறோம். எல்லோருக்கும் விளங்கும்படி தாளில் என்ன எழுதலாம் மிஸ்ஸி?

முதல் வரியில் வருத்தத்தை எழுதுங்கள்: "அப்பாவின் இதயம் இரத்தத்தை முழுப் பலத்தோடு தள்ளவில்லை. அதனால் காலிலும் நெஞ்சிலும் நீர் தேங்குகிறது." இது விளங்கினால்தான் குளிசை எதற்கு என்று விளங்கும்.

நீங்கள் அனுப்பிய பட்டியல்படி, ஃபுரோசமைட் 40 நீரைச் சிறுநீராக வெளியேற்றும். அதைக் காலையில் கொடுங்கள், இரவில் போட்டால் அவர் நித்திரை கொள்ளமாட்டார். ஸ்பைரோனோலாக்டோன் 25, எனலாப்ரில் 5, பிசோப்ரோலோல் 2.5 மூன்றும் இதயத்தின் பாரத்தைக் குறைப்பவை. இதில் பிசோப்ரோலோலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று தனியாக எழுதுங்கள்.

அடுத்து, வீட்டில் கிடக்கும் பழைய குளிசைகளை எடுத்துப் பாருங்கள். லசிக்ஸ் என்ற பெயரில் ஒரு பட்டை இருந்தால் அதுவும் ஃபுரோசமைட்தான். இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்துக் கொடுத்து, எழும்பும்போது தலைசுற்றி விழுந்து திரும்பி வந்தவர்களை வாட்டில் பார்த்திருக்கிறேன்.

தாளின் பாதியை நிறைக்கு ஒதுக்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே தராசில் பார்த்து எழுதவேண்டும். ஒருவரின் தாள் இப்படி இருந்தது: திங்கள் 62, புதன் 62.3, வெள்ளி 64.5. இடையில் ஒரு கல்யாண வீடு, கருவாட்டுக் குழம்பு, முழங்கால் வலிக்குப் பாமசியில் வாங்கிய டைக்ளோபினாக். மூச்சு இன்னும் முட்டவில்லை, காலில் மட்டும் சப்பாத்து இறுகியது. மகள் அன்றைக்கே தாளைக் கொண்டு வந்ததால், சில நாளைக்கு ஃபுரோசமைட்டைக் கூட்டிக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக்கூடாது.

படுத்தால் மூச்சு முட்டுவது, தலையணை கூட்டவேண்டி வருவது, கால் வீக்கம்: அன்றைக்கே காட்டுங்கள். இருந்தபடியே மூச்சுத் திணறினால், நெஞ்சு நொந்தால், நுரையாக இளஞ்சிவப்புச் சளி வந்தால்: 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலும் உடனே கேளுங்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இதே குளிசைகள் சிறுநீரகத்தைத் தாக்கும்.

காத்தான்குடியிலிருந்து: வாப்பாவுக்குச் சீனி. இன்சுலின் எந்த இடத்தில் குத்துவது?

அது வேறு விடயம். கிளினிக் மிஸ்ஸியிடம் கையில் செய்து காட்டச் சொல்லுங்கள். எழுத்தில் படித்துச் செய்யவேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: உம்மாவுக்கும் இதே நாலு குளிசைதான். வெயிலுக்குச் செவ்விளநீர் கொடுக்கலாமா?

தினமும் வேண்டாம். ஸ்பைரோனோலாக்டோனும் எனலாப்ரிலும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய.

களுவாஞ்சிக்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தவறு. லசிக்ஸ் பொட்டாசியத்தை இறக்கும். எனக்கு இளநீர் குடிக்கச் சொன்னதே டொக்டர்தான்.

ஃபுரோசமைட் மட்டும் போடுகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி சேர், உங்களுக்குச் சொன்னதும் அதனால் இருக்கலாம். மற்ற இரண்டும் சேர்ந்தால் கணக்குத் திரும்பிவிடும். பொட்டாசியம் ஏறுவதை ஆள் உணரமாட்டார். சிலருக்குக் கை கால் சோர்வு வரும், சிலருக்கு ஒன்றும் தெரியாமலே இதயத்துடிப்புக் குழம்பும். இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

அதே ஆசிரியர்: அப்படியென்றால் கிழமைக்கு ஒன்றுகூட ஆகாதா?

சிறுநீரகம் நல்லாயிருந்து, பரிசோதனையும் சரியென்றால் சில டொக்டர்மார் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். உம்மாவின் கடைசி அறிக்கையைக் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள் என்றுதான் அக்கரைப்பற்றுத் தங்கச்சிக்குச் சொல்வேன்.

கல்முனையிலிருந்து: எங்கள் அம்மம்மா இதய வருத்தத்தோடு தினமும் இளநீர் குடித்தவர், ஒன்றும் நடக்கவில்லை.

அவர் எந்தக் குளிசை போட்டார் என்று தெரியாமல் அதை வைத்து மற்றவருக்குக் கொடுக்கமுடியாது.

வாழைச்சேனையிலிருந்து: அப்பாவுக்கும் இதயத்துக்கு மருந்து போகிறது. இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக் கொடுக்கலாமா?

மேலே கல்யாண வீட்டுக் கதையை வாசியுங்கள். வேண்டாம். இபுபுரூஃபனும் வேண்டாம். இரண்டும் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும். பெனடோல் கொடுக்கலாம்.

ஏறாவூரிலிருந்து: டைக்ளோபினாக் பூசும் களிம்பு என்றால்?

சிறிய இடத்தில் ஓரிரு நாள் பூசினால் இரத்தத்தில் சேருவது குறைவு. ஆனால் பூசுவதையும் தாளில் எழுதிவையுங்கள். கிளினிக்கில் "வேறு மருந்து ஏதும்?" என்று கேட்டால் களிம்பை யாரும் சொல்வதில்லை.

செங்கலடியிலிருந்து: மிஸ்ஸி, வீட்டில் தராசு இல்லை.

பக்கத்துப் பாமசியில் இருந்தால் அதே தராசில், அதே நேரத்தில், இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் தினமும் காலையில் கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், நிறை ஏறியதுபோலவே எடுத்துக்கொண்டு அன்றைக்கே அப்பாவைக் கூட்டிப் போங்கள்.