அஹ்மர், ஹம்ராஉ, ஹும்ர்: அரபியில் நிறச் சொற்களின் பெண்பாலும் பன்மையும்

கேள்வி: பெரிய என்று பொருள்படும் கபீருக்குப் பெண்பால் கபீரா. அப்படியானால் சிவப்பைக் குறிக்கும் அஹ்மருக்குப் பெண்பால் அஹ்மரா என்று ஏன் வரவில்லை? இதன் பன்மை என்ன?

நிறங்களுக்கும், குருடு, செவிடு, நொண்டி போன்ற உடற்குறைகளுக்கும் அரபியில் தனி வார்ப்பு உண்டு. ஆண்பால் அஃப்அல், பெண்பால் ஃபஃலாஉ, பன்மை ஃபுஃல். கடைசியில் பெண்பால் குறியான தா மர்பூதா சேர்க்கும் வேலையே இல்லை. வேர் எழுத்து மூன்றையும் எடுத்து வேறு அச்சில் ஊற்றுகிறோம். அஹ்மர், ஹம்ராஉ, ஹும்ர். அஃரஜ் (நொண்டி), அர்ஜாஉ, உர்ஜ். பன்மை வடிவம் இரு பாலுக்கும் ஒன்றேதான்.

தார் (வீடு) பெண்பால் சொல் என்பதால்தான் மொராக்கோவின் காசாபிளாங்கா நகருக்கு அரபியில் அத்தாருல் பைளாஉ, அதாவது வெள்ளை வீடு, என்று பெயர். கடலைக் குறிக்கும் பஹ்ர் ஆண்பால், அதனால் செங்கடல் அல்பஹ்ருல் அஹ்மர்.

பன்மையைப் பழக நான் எப்போதும் காட்டுவது குர்ஆனின் 2:18 வசனத்தை: ஸும்முன் புக்முன் உம்யுன். செவிடர், ஊமையர், குருடர். மூன்றுமே ஃபுஃல்தான். இவற்றின் ஒருமையைத் தேடிப்போனால் புக்முக்கு அப்கம் நேராகக் கிடைக்கும். ஸும்முக்கு அஸ்மம் வர வேண்டும். ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மீம்களும் இணைந்து அஸம்மு ஆகிவிட்டது. உம்யுவில் கடைசி வேர் எழுத்து யா. ஒருமையில் அது நெடிலாகி அஃமா என்று ஒலிக்கிறது, பெண்பாலான அம்யாஉவில் யா திரும்பி வந்துவிடுகிறது. அகராதியில் அஃமாவைத் தேடுபவர் ஐன், மீம், யா என்ற வேரின் கீழ்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: மூன்றிலும் சொல்லின் கடைசியில் ஒலிக்கும் ன், அதாவது தன்வீன் இருக்கிறது. ஒருமையில், ஆண்பாலோ பெண்பாலோ, தன்வீன் வராது. அல் சேராமலும் அடுத்த சொல்லோடு இணையாமலும் நின்றால், இகரக் குறியான கஸ்ரா வர வேண்டிய இடத்தில்கூட அகரக் குறியான ஃபத்ஹாதான் வரும்: பி கலமின் அஹ்மர, சிவப்புப் பேனாவால். பன்மைக்கு வந்ததும் இந்தத் தடை நீங்கிவிடும். 'அஹ்மருன்' என்று எழுதுவது இங்கே அடிக்கடி காணும் பிழை.

வெள்ளையைக் குறிக்கும் அப்யளின் பன்மை மட்டும் கொஞ்சம் தடுக்கும். அச்சுப்படி புய்ள் வர வேண்டும். உகரத்துக்குப் பின் யா நிற்பது நாவுக்கு ஒவ்வாததால் உகரம் இகரமாகி பீள் ஆனது. 35:27-ல் மலைகளின் வரிகளைச் சொல்லும்போது 'பீளுன் வ ஹும்ருன்' என்று வருவதைப் பாருங்கள். அங்கே அஃறிணைக்கும் பன்மையே வந்திருக்கிறது. இன்றைய உரைநடையில் அஃறிணைப் பன்மைக்குப் பெண்பால் ஒருமையே பெரும்பாலும் போதும்: ஸய்யாராதுன் ஹம்ராஉ, சிவப்புக் கார்கள்.

அப்புறம், 'அதைவிடப் பெரியது' என்னும் ஒப்பீட்டுச் சொல்லான அக்பரும் அஹ்மரும் ஒரே சாயலில் இருப்பதால் குழப்பம் வரும். பெண்பாலைக் கேட்டால் தெரிந்துவிடும்: அக்பருக்குக் குப்ரா, அஹ்மருக்கு ஹம்ராஉ. அஹ்மர் ஏற்கெனவே இந்த அச்சில் இருப்பதால் 'அதைவிடச் சிவப்பு' என்பதற்கு அதையே ஒப்பீடாக்க முடியாது. அஷத்து ஹும்ரதன் மின்ஹு, அதாவது 'சிவப்பில் அதைவிடக் கடுமையானது' என்று சொல்ல வேண்டும்.