பழைய பவர் சப்ளை புதிய கிராபிக்ஸ் கார்டைத் தாங்குமா?

கேள்வி: என் பழைய பவர் சப்ளையில் 500 வாட் என்று போட்டிருக்கிறது. 200 வாட் கிராபிக்ஸ் கார்டு போடலாமா?

பவர் சப்ளை என்பது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற தாழ்ந்த மின்னழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டி. ஒவ்வொரு மின்னழுத்தமும் தனித் தடத்தில் வெளிவரும்; கார்டும் பிராசசரும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. பழைய பெட்டிகள் பலவற்றில் மொத்த வாட்டின் கணிசமான பகுதி 3.3, 5 வோல்ட் தடங்களுக்குப் போய்விடும். தொட்டி பெரிதாக இருந்தாலும் 12 வோல்ட் என்ற குழாயின் பருமன் அளவுக்குத்தானே தண்ணீர் வரும்.

ஆகவே பெட்டியின் பக்கத்திலுள்ள அட்டவணையில் +12V என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 30A என்றிருந்தால் 12 × 30 = 360 வாட்தான் கிடைக்கும். கார்டுக்கு 200, பிராசசருக்கு 100, மற்றவற்றுக்கு 50 என்றால் 350 ஆகிறது. கணக்கு சரியாக வந்தாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கார்டு சில மில்லி விநாடிகளுக்குத் தன் அளவை மீறி இழுக்கும்போது, விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணைந்துவிடும்.

அடுத்தது கனெக்டர். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரையும், 6 பின் கனெக்டர் 75 வாட்டும், 8 பின் கனெக்டர் 150 வாட்டும் தரும். எனவே 200 வாட் கார்டுக்குப் பெட்டியிலிருந்தே வரும் ஒரு 8 பின் கம்பி வேண்டும். பிராசசருக்கான 8 பின்னும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், ஆனால் அதன் மின்முனைகள் மாறியிருப்பதால் அதைச் செருகவே கூடாது. ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கம்பியிலிருந்து மாற்றித் தரும் அடாப்டரும் வேண்டாம். அதன் மெல்லிய முனைகள் சூடாகி உருகக்கூடும்.

கூடுதல் வாட் உள்ள பெட்டி கார்டுக்குள் மின்சாரத்தைத் திணித்து எரித்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கார்டு தனக்கு வேண்டிய அளவை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.