அடைத்த காதில் கேட்டதா, நல்ல காதில் கேட்டதா?

"இரண்டு நாளாக இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார், அப்புறம் காதுக்குப் பின்னால் வைத்தார். இதை வைத்து எந்தக் காதில் என்ன கோளாறு என்று எப்படிச் சொல்ல முடியும்?"

நெற்றியில் வைத்த சத்தம் அடைத்த இடது காதிலேயே பலமாகக் கேட்டிருந்தால், ஒலி உள்ளே போகும் வழியில் தடை இருக்கிறது. குறும்பி, நீர், செவிப்பறையில் ஓட்டை என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். அவசரமில்லாமல் பார்க்கலாம். நன்றாக இருக்கும் வலது காதில் கேட்டிருந்தால், இடது பக்கத்து உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் ஆடியோகிராமை இன்றைக்கே எடுக்க வேண்டும்.

நான் காரைக்குடிப் பக்கம் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். என் மேசையில் தினமும் கைபடும் கருவி இந்த இசைக்கவைதான். விநாடிக்கு 512 முறை அதிரும் கவை அது. 256 கவையை எலும்பில் வைத்தால் அதிர்வு தோலிலேயே தெரியும். அதை ஒலி என்று நினைத்து "கேட்குது" என்பார்கள். 1024 கவையோ சட்டென்று அடங்கிவிடும். அதனால்தான் பெரும்பாலும் 512-ஐ எடுக்கிறோம். அதையும் மேசை விளிம்பில் தட்டக்கூடாது, தட்டினால் வேறு சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். நான் என் முழங்கை எலும்பில் தட்டுவேன்.

நெற்றிச் சோதனைக்கு வெபர் சோதனை என்று பெயர். ஒரு காதைப் பொத்திக்கொண்டால் எலும்பு வழியாக வரும் ஒலி பொத்திய காதுக்கே போகிறது என்று ஜெர்மானியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் 1834-ல் எழுதினார். இதை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, கதை கேட்கும்போது 'உம்' கொட்டுவோமே, அதை விடாமல் நீட்டுங்கள். சத்தம் வலது பக்கம் சாய்வது தெரியும். அடைத்த காதில் ஏன் அதிகம் கேட்க வேண்டும்? எலும்பு வழியாகக் காதுக்குள் வந்த அதிர்வில் ஒரு பகுதி வழக்கமாகக் காதுக்குழாய் வழியே வெளியே போய்விடும், வாசலை அடைத்தால் அது உள்ளேயே நிற்கும். வெளிச் சத்தம் உள்ளே வந்து அதை மறைப்பதும் குறைகிறது. உள்காதே கெட்டிருந்தால் கணக்கு எளிது. அதிர்வு இரண்டு பக்கமும் சமமாகப் போனாலும், வாங்கிக்கொள்ள நல்ல உள்காதுதான் இருக்கிறது.

காதுக்குப் பின்னால் வைப்பது ரின்னே சோதனை. காது மடலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் கவையின் காம்பை அழுத்தி வைத்துவிட்டு, அப்புறம் அதே கவையைக் காது வாசலுக்கு முன்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, "பின்னால் வைத்தபோது சத்தமா, முன்னால் பிடித்தபோது சத்தமா?" என்று கேட்போம். சாதாரணக் காதில் முன்னால்தான் பலமாகக் கேட்கும். ஏனென்றால் செவிப்பறையும் அதன் பின்னாலுள்ள மூன்று சிற்றெலும்புகளும் காற்று வழி ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அந்த வழியில் தடை இருந்தால் எலும்பு வழி ஜெயித்துவிடும். நரம்பு வகைக் குறைவில் இரண்டுமே குறையும், ஆனாலும் முன்னால் பிடித்ததே பலமாக இருக்கும். முன்னால் பலம் என்றால் பாசிட்டிவ், அதுதான் இயல்பு. பின்னால் பலம் என்றால் நெகட்டிவ். ரிப்போர்ட்டில் 'ரின்னே பாசிட்டிவ்' என்று பார்த்துவிட்டு நோய் இருப்பதாகப் பயந்து வந்தவர்கள் உண்டு.

இந்த இரண்டையும் ஏன் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை ஒருவருடைய கதையாகச் சொல்வதுதான் சரி.

அறுபதை நெருங்கும் ஒரு ஆச்சி, பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுக்காரர். பேரன் கல்யாண வேலையில் இருந்தவர் ஒரு காலையில் எழுந்தபோது இடது காதில் பஞ்சு வைத்த மாதிரி இருந்திருக்கிறது, லேசாகத் தலையும் சுற்றியிருக்கிறது. ஓரிடத்தில் காட்டியதற்கு, குறும்பி அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நாள் விட்டும் மாற்றமில்லை. ஆறாம் நாள் என்னிடம் வந்தார்.

"போனை இடது காதில் வச்சேன் தம்பி, எதிராளு வச்சிட்டாகன்னு நெனச்சேன். வலது காதுக்கு மாத்துனா பேசிக்கிட்டுத்தான் இருக்காக" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். வீட்டு நடு முற்றமான வளவில் நிற்கும்போது யாராவது கூப்பிட்டால் இரண்டாம் கட்டிலிருந்தா, முகப்பிலிருந்தா என்று தெரியவில்லை, எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறேன் என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கவலை வந்துவிட்டது. ஒலி வரும் திசையைக் கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். குறும்பி கொஞ்சம் அடைத்திருந்தால் இவ்வளவு குழப்பம் வராது.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். ஓரமாகக் கொஞ்சம் குறும்பி, அதைத் தாண்டி முத்து மாதிரிப் பளபளக்கும் செவிப்பறை. அடைப்பு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தேன். இந்த இடத்தில் கேள்வியைக் கவனமாகக் கேட்க வேண்டும். "எந்தக் காதில் நல்லாக் கேட்குது?" என்றால், கேட்காத காதில் கேட்பதாகச் சொல்வது பைத்தியக்காரத்தனமாகப்படும் என்று நிறையப் பேர் நல்ல காதைக் காட்டிவிடுவார்கள். குறும்பி அடைத்தவர்கள்கூட அப்படிச் செய்வதுண்டு. அதனால் நான், "சத்தம் எங்க இருக்கு ஆச்சி? நடுவுலயா, ஏதாவது ஒரு பக்கமா? எங்க கேட்டாலும் சரிதான்" என்று கேட்பேன். ஆச்சி யோசிக்கவே இல்லை, வலது காதைத் தொட்டுக் காட்டினார். கவையை உச்சந்தலைக்கு மாற்றினேன். மறுபடியும் வலதுதான்.

அடுத்து ரின்னே. வலது காதில் இயல்பு. இடது காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன், "கேட்குது" என்றார். காது வாசலுக்கு முன்னால் கொண்டுவந்தேன், "ஒண்ணும் இல்லை" என்றார். அதாவது எலும்பு வழி பலம், காற்று வழி இல்லை. இதை மட்டும் பார்த்தால் இடது காதில் தடை என்றுதான் எழுத வேண்டும், சொட்டு மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

ஆனால் நெற்றிச் சோதனை இதற்கு ஒத்துவரவில்லை. இடது காதில் தடை இருந்தால் நெற்றிச் சத்தம் இடது பக்கம்தான் போயிருக்க வேண்டும். ஆச்சி காட்டியது வலது. இப்படி இரண்டும் முரண்பட்டால் ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: இடது எலும்பில் வைத்தபோது 'கேட்குது' என்றாரே, எந்தக் காதால் கேட்டார்? மண்டை முழுவதும் ஒரே எலும்புக்கூடு. இடது பக்கம் வைத்த அதிர்வு வலது உள்காதுக்கு அநேகமாகக் குறையாமலே போய்ச் சேரும். காற்று வழியில் அப்படி இல்லை, இடது காதுக்கு முன்னால் பிடித்த மெல்லிய ஒலி தலையைச் சுற்றி வலது காதுக்குப் போவதற்குள் மிகவும் குறைந்துவிடும். இடது காது முழுக்கச் செத்துவிட்டால் இதே பதில்தான் வரும். பொய் நெகட்டிவ் என்போம்.

இதைச் சோதிக்க வலது காதுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். பாரனி ஒலிப்பெட்டி என்று இரைச்சல் எழுப்பும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை வலது காதில் வைத்துவிட்டு இடது எலும்பில் மறுபடி கவையை வைத்தேன். "இப்ப கேட்கலையே தம்பி" என்றார். பெட்டி இல்லாத இடத்தில் நல்ல காதுக்குப் பக்கத்தில் காகிதத்தைக் கசக்கியோ, காது வாசலின் சின்ன மடலை அழுத்தித் தேய்த்தோ சமாளிப்பார்கள், அது அவ்வளவு உறுதியான முறை இல்லை.

அன்றைக்கு மதியமே ஆடியோகிராம் எடுத்தோம். இடது காதில் நரம்பு வகைக் குறைவு, மிகக் கடுமையானது. மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலுக்குக் குறையாமல் விழுந்தால் அதைத் திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மை என்கிறோம். பெரும்பாலும் காரணம் தெரியாது. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் திரும்ப வர நல்ல வாய்ப்பு, நாள் போகப் போக அது குறையும். சொட்டு மருந்தில் போன ஐந்து நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஒரு நிமிடக் கவைச் சோதனை முதல் நாளே அதைச் சொல்லியிருக்கும்.

ஆச்சிக்குச் சர்க்கரை அதிகம் என்பதால் மாத்திரையைத் தவிர்த்து, செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசியாக இரண்டு வாரத்தில் நான்கு முறை போட்டோம். நரம்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இல்லை.

கவை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இரண்டு காதிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் நெற்றிச் சத்தம் நடுவிலேயே கேட்கும். வயதான பலருக்கு அப்படித்தான், அதை 'சரியாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தடை சிறியதாக, 20 டெசிபலுக்குள் இருந்தால் 512 கவையில் ரின்னே இயல்பாகவே வந்துவிடும். அப்போதும் நெற்றிச் சோதனை அடைத்த பக்கம் சாயும், அது கொஞ்ச வித்தியாசத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை டெசிபல் என்பதைக் கவையால் சொல்ல முடியாது, அதற்கு ஆடியோகிராம்தான். வீட்டில் 'உம்' கொட்டிப் பார்ப்பதும் டாக்டரிடம் போகலாமா என்று யோசிப்பதற்கு இல்லை. காது திடீரென்று அடைத்தால் எப்படியும் போக வேண்டும். சத்தம் நல்ல காதுப் பக்கம் சாய்ந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து ஆச்சி வந்தபோது கவையை நெற்றியில் வைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "வலதுதான், ஆனா முன்ன மாதிரி ஒரேயடியா இல்லை" என்றார். ஆடியோகிராமில் தாழ்ந்த சுரங்கள் பாதிக்கு மேல் திரும்பியிருந்தன, உச்ச சுரங்கள் வரவில்லை. போனை இடது காதில் வைத்தால் இப்போது பேசுவது கேட்கிறது, வார்த்தை பிரிவதில்லை. வளவில் யாராவது கூப்பிட்டால் இன்னமும் ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறாராம்.