ஏழு மணி நேரம் தூங்கியும் கால் நகரவில்லையா?

"வெள்ளி இரவு மூன்று பீர், அவ்வளவுதான். ஏழு மணி நேரம் தூங்கியும் சனி காலை நீண்ட ஓட்டத்தில் கால் நகரவே மாட்டேன் என்கிறது. ஏன்?"

நண்பரே, சிக்கல் தூங்கிய நேரத்தில் இல்லை, தூக்கத்தின் தரத்தில் இருக்கிறது. ஐந்து சதவீத பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால். மூன்றுக்கு 60. ஈரல் மணிக்கு சுமார் 8 கிராம்தான் கரைக்கும். எட்டு மணிக்கு ஆரம்பித்திருந்தால் அதிகாலை மூன்றரை வரை அந்த வேலைதான் நடந்திருக்கும். படுத்ததும் தூக்கம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் பின்னிரவில் அடிக்கடி விழிப்புத் தட்டும், கனவுத் தூக்கம் குறையும், இதயம் ராத்திரி முழுக்க வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கும். இதயம் ஓய்வெடுக்காத இரவு அது. தண்ணீர் குடித்தால் வறட்சி தீரும், இது தீராது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கமாக 54, சனிக்கிழமை 63 என்றால் அன்று நீண்ட ஓட்டம் வேண்டாம். பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அரை மணி நேரம் போதும். வெள்ளி சந்திப்பை விட முடியாதென்றால் நீண்ட ஓட்டத்தை ஞாயிறுக்கு மாற்றிவிடுங்கள், சனி இரவு குடிக்காமல்.